சிவப்பு மட்டும் இரண்டு வாரம் லேட்: பையருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: கரூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ஹாம்பர்க் பையருக்கு 24,000 கிச்சன் டவல், நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று கலர், தலா 8,000. பேங்க் உத்தரவாதத்துடன் எல்.சி. ஆர்டர், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, அதாவது கப்பலில் ஏற்றும்வரைதான் என் செலவு, பீஸ் 0.95 யூரோ. செப்டம்பர் 20-க்குள் கப்பல் ஏற வேண்டும். இன்று 3-ஆம் தேதி, சிவப்பு நூல் லேபில் ஃபெயில் ஆகிவிட்டது, மறுபடி சாயம் போட்டுத்தான் தறிக்கு அனுப்ப முடியும். பையருக்கு என்ன எழுதுவது? கப்பல் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? அஞ்சு பர்சென்ட் தள்ளுபடி கொடுத்தால் ஒத்துக்கொள்வாரா?

பதில்:

கப்பல் கதை வேண்டாம். நான் பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த ஊரில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவன், அந்தக் கதையைச் சொல்லி அசிங்கப்பட்டவனும்கூட. 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்ததல்லவா, அப்போது எங்கள் டேபிள் கிளாத் ஆர்டர் ஒன்று தையலில் தேங்கிக் கிடந்தது. முதலாளி சொன்னார் என்று வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டு மெயில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒற்றை வரியில் பதில்: "உங்கள் சரக்கு தூத்துக்குடியிலிருந்துதானே ஏறுகிறது?" அதற்கு என்ன பதில் எழுதினேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பையர் ஆர்டரை நிறுத்தவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் எந்தத் தேதி சொன்னாலும் தறியில் துணி ஓடுகிற போட்டோ கேட்பார்.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பெரிய கம்பெனிகள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்த பிறகு, தாமதமான எல்லாருமே செங்கடலைச் சொன்னார்கள். பையருக்குக் கப்பல் பெயரும் தெரியும், அது எங்கே போகிறது என்று போனிலேயே பார்க்கவும் தெரியும். உங்கள் விஷயத்தில் உண்மைக் காரணமே உங்களுக்குச் சாதகமானது. சாயம் போகிற நூலை அப்படியே நெய்து அனுப்பாமல் நிறுத்தியிருக்கிறீர்கள். அதை மறைத்து ஏன் கப்பல் மேல் ஏற்ற வேண்டும்?

காரணத்தை எவ்வளவு சொல்வது என்பதில் ஒரு அளவு உண்டு. "தரப் பிரச்சினை" என்று மொட்டையாக எழுதினால் மூன்று கலரிலும் ஏதோ கோளாறு என்று பயப்படுவார். சாயப்பட்டறைக்காரர் என்ன சொன்னார், நீங்கள் என்ன திட்டினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதினால் படிக்க மாட்டார். மூன்று வரி போதும்: எந்தக் கலர், எந்த டெஸ்ட், என்ன ரிசல்ட். அடர் சிவப்பில் இது அடிக்கடி வரும். ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு பிணையாமல் மேலே தங்கிவிடும், சோப்புக் கழுவல் சரியாக நடக்காவிட்டால் அது அப்படியே இருக்கும். லேபில் ஈரமான வெள்ளைத் துணியைப் பத்துத் தடவை தேய்த்துப் பார்க்கும்போது அந்தத் துணி ரோஜா நிறமாகிவிடும். 1 முதல் 5 வரை மதிப்பெண், 5 என்றால் கறையே ஒட்டவில்லை. உங்களுக்கு 2 வந்திருக்கும், ஆர்டரில் 3 கேட்டிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். கிச்சன் டவல் ஈரமாகவே கிடக்கிற சாமான், இதில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். லேப் ரிப்போர்ட்டை மெயிலோடு இணையுங்கள். முடிந்தால் அந்த ரோஜா நிறத் துணியையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் விளக்கம் எல்லாவற்றையும் விட அந்த ஒரு படம் பேசும்.

எப்போது எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. இன்றே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: சிவப்பு நூல் டெஸ்டில் தேறவில்லை, நீலமும் மஞ்சளும் சரியாக இருக்கிறது, புதிய தேதிகளோடு 5-ஆம் தேதிக்குள் முழுதாக எழுதுகிறோம், அவ்வளவுதான். இந்த இரண்டு நாளில் சாயப்பட்டறை, தறி, தையல், சரக்கைக் கப்பலில் அனுப்பிவைக்கிற ஃபார்வர்டர் நாலு பேரிடமும் தேதி வாங்குங்கள். தேதி இல்லாமல் முழு மெயில் எழுதினால் அது வெறும் புலம்பல். எல்லாத் தேதியும் உறுதியாகட்டும் என்று பத்து நாள் காத்திருந்தாலோ, அவர் கையில் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. எல்.சி.யைத் திருத்துவதற்குக்கூட நேரம் இருக்காது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தேதி கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். உங்கள் சரக்கை நான் கணக்குப் பார்த்தேன். ஒரு டவல் 70 கிராம், கார்ட்டனுக்கு 200 பீஸ் என்றால் 120 கார்ட்டன், ஏழு கன மீட்டரைச் சுற்றி வரும். தனி கன்டெய்னருக்குப் போதாது, எல்.சி.எல்.லில் மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்துதான் போகும். வாரம் ஒரு கப்பல் என்று வைத்துக்கொண்டால் செப்டம்பர் 18, 25, அக்டோபர் 2, 9. சாயம் மறுபடி போட்டு நூல் வர 8-ஆம் தேதி, லேப் ரிப்போர்ட் 11, தறியில் 12 முதல் 19, தையலும் பேக்கிங்கும் முடிந்து இன்ஸ்பெக்ஷன் 24, தூத்துக்குடி கிடங்கில் 26. இதில் எங்கேயும் ஒரு நாள்கூட உபரி கிடையாது என்றாலும் 25-ஆம் தேதி கப்பல் போய்விட்டது, அக்டோபர் 2 கப்பல்தான். அதிலும் அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, ஆபீஸ், பேங்க் எல்லாம் லீவு. கஸ்டம்ஸ் வேலை 30-ஆம் தேதிக்குள் முடிய வேண்டும் என்று ஃபார்வர்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஆயுத பூஜை எந்த வாரத்தில் வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், தறிக்காரர் அந்த நாலு நாளைச் சொல்லாமலேதான் தேதி கொடுப்பார்.

இந்தக் கணக்கில் பலர் செய்யும் தப்பு, கப்பல் ஏறும் தேதியோடு நிறுத்திவிடுவது. அது நமக்கு முக்கியமான தேதி, பையருக்கு அல்ல. அவருக்கு வேண்டியது சரக்கு அவர் கிடங்குக்கு எடுக்கிற மாதிரி எப்போது இருக்கும் என்பது. ஃபார்வர்டர் 42 நாள் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால், அக்டோபர் 2 கப்பல் நவம்பர் 13-இல் ஹாம்பர்க். எல்.சி.எல். கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை வெளியே எடுக்க இன்னும் அஞ்சு நாள் போட்டால் நவம்பர் 18. செப்டம்பர் 18-இல் ஏறியிருந்தால் இதே கணக்கில் நவம்பர் 4. ஆக, இரண்டு வாரத் தாமதம். ஜெர்மன்காரர்கள் வார எண்ணில் திட்டம் போடுகிறவர்கள், வருடத்தின் 45-ஆவது வாரம், 47-ஆவது வாரம் என்றுதான் அவர்களுடைய கிடங்கு, கடை எல்லாம் ஓடும். தேதியோடு வார எண்ணையும் போடுங்கள், உங்கள் வருடத்துக் காலண்டரில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 9/10 என்று போட்டால் அது எந்த மாதம் என்று ஒரு மெயில் வரும், அதில் ஒரு நாள் போகும்.

அப்புறம் ஒரு விஷயம். தாமதமானது சிவப்பு. நவம்பரில் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் அடுக்குக்குப் போகிற கலரும் அதுதான். நீலம் இரண்டு வாரம் தள்ளினால் அவர் முணுமுணுப்பார், சிவப்பு தள்ளினால் கடையில் அடுக்கு காலியாக நிற்கும். அதனால் உங்கள் சலுகை அந்தக் காலி அடுக்கைத்தான் நிரப்ப வேண்டும்.

இப்போது அஞ்சு பர்சென்ட் கணக்குக்கு வருவோம். மொத்த இன்வாய்ஸ் 22,800 யூரோ, அஞ்சு பர்சென்ட் என்றால் 1,140. இதைக் கொடுத்தாலும் அவருக்கு நவம்பர் 4-ஆம் தேதி ஒரு சிவப்பு டவல்கூடக் கையில் இருக்காது. நேரத்துக்குப் போன நீலத்துக்கும் மஞ்சளுக்கும் சேர்த்து நீங்கள் தள்ளுபடி கொடுக்கிறீர்கள். அதைவிடப் பெரிய வினை, அடுத்த ஆர்டருக்குப் பேச உட்காரும்போது 0.95-இல் தொடங்க மாட்டார், 0.90-இல் தொடங்குவார்.

அதற்குப் பதிலாக நான் செய்வது இது. நீலமும் மஞ்சளும் 80 கார்ட்டன், திட்டப்படி செப்டம்பர் 18 கப்பலில். சிவப்பில் 2,000 பீஸ், பத்து கார்ட்டன், 140 கிலோ, விமானத்தில், நம் செலவில். மீதி 6,000 பீஸ் அக்டோபர் 2 கப்பலில். விமானத்தில் போகிறது என்றவுடன் எக்ஸ்பிரஸ் ரேட்டைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். நீலமும் மஞ்சளும் நவம்பர் 4-க்குத்தானே அவர் கையில் வருகிறது? சிவப்பு அதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும். அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து, மெதுவான, விலை குறைந்த சர்வீஸில் போடலாம். கிலோ 290 ரூபாய் என்று ரேட் கிடைத்தால் 40,600 ரூபாய், கிட்டத்தட்ட நானூறு யூரோ. அன்றைய ரேட்டை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், இது மாதத்துக்கு மாதம் மாறுகிற விஷயம்.

இன்னொரு செலவை நம் ஆட்கள் நினைத்தே பார்ப்பதில்லை. சரக்கைப் பிரித்து அனுப்பினால் ஹாம்பர்க்கில் அவர் இரண்டு தடவை கிடங்குக் கட்டணம், இரண்டு தடவை கஸ்டம்ஸ் ஏஜென்ட் கட்டணம் கட்டுவார். எஃப்.ஓ.பி. என்பதால் அதெல்லாம் அவர் தலையில். "உங்களுக்காகத்தான் பிரித்து அனுப்புகிறோம்" என்று நாம் பெருமையாக எழுத, அவருடைய கணக்குப் பிரிவு பில்லைப் பார்த்துக் கொதித்துப்போகும். ரசீது அனுப்பினால் 250 யூரோ வரை அடுத்த ஆர்டர் இன்வாய்ஸில் கழித்துக்கொடுக்கிறோம் என்று நீங்களே முன்வந்து எழுதுங்கள். இரண்டும் சேர்த்து சுமார் 650 யூரோ. 1,140-ஐ விடக் குறைவு, அவருடைய பிரச்சினையும் தீர்கிறது. ஆனால் இதை எழுதுவதற்கு முன் அவருடைய ஆர்டர் ஷீட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். தாமதத்துக்கு வாரத்துக்கு இத்தனை சதவீதம் பிடிப்போம் என்று அதில் இருந்தால், உங்கள் சலுகை அதற்குக் கீழே இருந்து பிரயோஜனமில்லை.

இலவசமாக நூறு டவல் சேர்த்து வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். எல்.சி. சரக்கில் அதைச் செய்யாதீர்கள். எல்.சி.யில் கேட்காத பொருள் இன்வாய்ஸில் இருந்தால், இலவசம் என்று எழுதியிருந்தாலும் பேங்க் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளும். இன்வாய்ஸில் காட்டாமல் பெட்டிக்குள் வைத்தால் அங்கே கஸ்டம்ஸில் அவர் மாட்டுவார். அதே மாதிரி, கஸ்டம்ஸில் ஷிப்பிங் பில் போட்ட பிறகு விலையைக் குறைக்கிற யோசனையும் வேண்டாம். வருகிற பணம் குறைந்தால் ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று பார்க்கிற ரிசர்வ் பேங்கின் இ.டி.பி.எம்.எஸ். கணக்கில் அந்த பில் முடியாமல் நிற்கும், அதை முடித்துவைக்க நீங்கள் பேங்குக்கு நடையாய் நடக்க வேண்டும். அதனால்தான் அடுத்த ஆர்டர் இன்வாய்ஸில் கழிப்பது என்கிறேன்.

எல்.சி.க்கு வருகிறேன், பணம் நிற்பது இங்கேதான். "பரவாயில்லை, அக்டோபர் 2-இல் அனுப்புங்கள்" என்று பையர் மெயில் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பேங்க் அந்த மெயிலைப் பார்க்கவே பார்க்காது. கடைசி ஷிப்மென்ட் தேதி செப்டம்பர் 20 என்று எல்.சி.யில் இருந்து, சரக்கு கப்பல் ஏறியதற்கு அத்தாட்சியான உங்கள் பி.எல்.லில் அக்டோபர் 2 என்று இருந்தால் அது குறை. அதற்குப் பிறகு பணம் தருவதும் தராததும் பையர் மனசைப் பொறுத்தது, பேங்கின் உத்தரவாதம் போய்விட்டது. அவர் தன்னுடைய பேங்கில் சொல்லித் திருத்தம் போட்டு, அது உங்கள் பேங்க் வழியாக உங்கள் கைக்கு வர வேண்டும். அதனால் மெயிலில் என்னென்ன திருத்தம் என்று அவர் அப்படியே எடுத்துத் தன் பேங்குக்கு அனுப்புகிற மாதிரி எழுதிக் கொடுங்கள். கடைசி ஷிப்மென்ட் தேதியை அக்டோபர் 2 என்று கேட்காதீர்கள், 10 என்று கேளுங்கள். கப்பல் ஏற்றாமல் விட்டுப்போனால் 9-ஆம் தேதி கப்பல் அதற்குள் வந்துவிடும், இன்னொரு திருத்தம் தேவைப்படாது. காலாவதி தேதியையும் 21 நாள் தள்ளி, அக்டோபர் 31. பிரித்து அனுப்ப எல்.சி.யில் தடை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் எல்.சி.களுக்கான சர்வதேச விதியான யூ.சி.பி. 600-இன்படி அனுமதி உண்டு, தடை என்று போட்டிருந்தால் அதையும் திருத்த வேண்டும். விமானத்தில் போகிற 2,000 பீஸை எல்.சி.க்கு வெளியே வைத்துவிடுங்கள், உங்கள் எல்.சி. பி.எல். கேட்கும், ஏர்வே பில்லை ஏற்காது. அந்த 1,900 யூரோவை அவர் பேங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பட்டும். கொஞ்சம் ரிஸ்க்தான், ஆனால் 1,900-க்கு அவர் ஓடிப்போகிற ஆள் என்றால் நீங்கள் 24,000 டவல் நெய்திருக்கக் கூடாது.

இதற்கு நடுவில் யாராவது ஒருத்தர், "ஃபார்வர்டரிடம் சொல்லி 20-ஆம் தேதி போட்டு ஒரு பி.எல். வாங்கிவிடு" என்பார். அது மோசடி, வேறு பெயரே கிடையாது. கப்பல் என்றைக்குக் கிளம்பியது என்பது ஊருக்கே தெரியும்.

சரி, மெயில். ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், வரிசை மாறாமல் இருக்கட்டும் என்று இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். சப்ஜெக்ட் வரியிலேயே ஆர்டர் எண்ணும் புதிய தேதியும் அவருடைய பதில் எப்போது வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

> பொருள்: ஆர்டர் எண் ____: சிவப்பு மட்டும் அக்டோபர் 2 கப்பலில், நீலமும் மஞ்சளும் திட்டப்படி. உங்கள் முடிவு செப்டம்பர் 10-க்குள் தேவை
>
> அன்புள்ள திருமதி ____ அவர்களுக்கு,
>
> 3-ஆம் தேதி எழுதியபடி முழு விவரம் இதோ. சிவப்பு டவல் 8,000 பீஸ் செப்டம்பர் 20-க்குள் கப்பல் ஏறாது. அதற்காக வருந்துகிறோம். நீலம் 8,000, மஞ்சள் 8,000 பீஸில் எந்த மாற்றமும் இல்லை.
>
> காரணம்: சிவப்பு நூல் ஈரத் தேய்ப்பு டெஸ்டில் 2 வாங்கியது, உங்கள் தேவை 3. நெசவுக்கு அனுப்பாமல் நிறுத்தி, மறுபடி சாயமிடக் கொடுத்திருக்கிறோம். லேப் ரிப்போர்ட்டும் படமும் இணைப்பில்.
>
> புதிய தேதிகள்:
>
> நீலம், மஞ்சள், 16,000 பீஸ்: செப்டம்பர் 18 கப்பல். ஹாம்பர்க்கில் எடுக்கத் தயாராவது நவம்பர் 4, வாரம் 45.
>
> சிவப்பு, முதல் 2,000 பீஸ்: அக்டோபர் முதல் வாரத்தில் விமானத்தில். உங்கள் கையில் அக்டோபர் 15-க்குள்.
>
> சிவப்பு, மீதி 6,000 பீஸ்: அக்டோபர் 2 கப்பல். எடுக்கத் தயாராவது நவம்பர் 18, வாரம் 47.
>
> இடையில் இரண்டு தடவை உங்களுக்குச் செய்தி வரும். செப்டம்பர் 11 அன்று புதிய நூலின் லேப் ரிப்போர்ட், செப்டம்பர் 24 அன்று இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்.
>
> இந்த ஷிப்மென்ட்டுக்கு மட்டும், நல்லெண்ண அடிப்படையில், 2,000 பீஸின் விமானக் கட்டணம் முழுவதும் எங்களுடையது. சரக்கைப் பிரிப்பதால் ஹாம்பர்க்கில் உங்களுக்கு ஆகும் கூடுதல் கட்டணத்தை, ரசீதின் பேரில் 250 யூரோ வரை, அடுத்த ஆர்டரின் இன்வாய்ஸில் கழித்துக்கொடுக்கிறோம்.
>
> உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறோம்.
>
> ஒன்று, நவம்பர் 18 வரை கடைகளுக்கு 2,000 சிவப்பு போதுமா? வேறு எண்ணிக்கை வேண்டுமென்றால் சொல்லுங்கள், என்ன முடியும் என்று அன்றே பதில் தருகிறோம்.
>
> இரண்டு, எல்.சி.யில் இந்தத் திருத்தங்கள்: கடைசி ஷிப்மென்ட் தேதி அக்டோபர் 10, காலாவதி அக்டோபர் 31, பிரித்து அனுப்ப அனுமதி. திருத்தக் கட்டணம் எங்கள் கணக்கில். விமானத்தில் வரும் 2,000 பீஸ் எல்.சி.க்கு வெளியே, 1,900 யூரோவுக்குத் தனி இன்வாய்ஸ், சரக்கு கிடைத்த பிறகு பேங்க் டிரான்ஸ்ஃபர்.
>
> முதல் பகுதி செப்டம்பர் 16 அன்று துறைமுகக் கிடங்கில் இருக்க வேண்டும். அதனால் செப்டம்பர் 10-க்குள் பதில் வந்தால் உதவியாக இருக்கும். பிரித்து அனுப்புவது வேண்டாம் என்றால், எல்லாவற்றையும் சேர்த்து அக்டோபர் 2 கப்பலில் அனுப்புகிறோம். அதற்கும் தேதித் திருத்தம் தேவை.
>
> இன்றும் நாளையும் உங்கள் நேரப்படி காலை 9 முதல் பகல் 2 வரை போனில் கிடைப்பேன்.

இதில் மன்னிப்பு ஒரே ஒரு வரிதான் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர் பழக்கத்தில் பத்திக்குப் பத்தி வருந்துகிறோம், தயவுகூர்ந்து மன்னிக்கவும் என்று எழுதினால்தான் மரியாதை என்று நினைப்போம். படிக்கிற ஆளுக்கு அது தேதியைத் தேடவிடாமல் தடுக்கிற குப்பை. இந்த மெயிலை அவர் தன் கிடங்குக்கும் பேங்குக்கும் கடைப் பிரிவுக்கும் அப்படியே ஃபார்வர்ட் செய்வார் என்று நினைத்து எழுதுங்கள். சாயப்பட்டறை பெயரை நான் எழுதவில்லை, நீங்களும் எழுதாதீர்கள். பையருக்கு நீங்கள்தான் சப்ளையர், பட்டறை உங்கள் பாடு.

"நல்லெண்ண அடிப்படையில்" என்ற சொல்லையும் மாற்றாதீர்கள். இழப்பீடு, அபராதம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், இதற்குமேல் அவருக்கு நஷ்டம் என்று ஒரு பில் வரும்போது உங்கள் மெயிலையே எடுத்து நீட்டுவார்கள். "இந்த ஷிப்மென்ட்டுக்கு மட்டும்" என்பதும் அப்படித்தான். 2,000 என்ற எண்ணைக் கேள்வியாக வைத்ததற்குக் காரணம், அவருக்கு 1,000 போதுமாக இருக்கலாம், உங்களுக்குப் பாதி செலவு மிச்சம். 4,000 வேண்டும் என்றால் கூடுதல் 2,000-க்கான கட்டணத்தைப் பாதிப் பாதி பேசலாம். அதனால்தான் மெயிலில் "அன்றே பதில்" என்று மட்டும் எழுதினேன், நாங்களே கட்டுகிறோம் என்று எழுதவில்லை.

அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அன்று மாலையே போன் போடுங்கள். பெரும்பாலும் கோபப்பட மாட்டார், "11-ஆம் தேதி ரிப்போர்ட்டும் ஃபெயில் ஆனால்?" என்று கேட்பார். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். கழுவலை இன்னொரு சுற்று கூட்டினால் பல நேரம் தேறிவிடும், அதற்கு மூன்று நாள் வைத்தால் அக்டோபர் 9 கப்பல், அதுவும் எல்.சி. தேதிக்குள்தான். அப்போது கிடங்கில் எடுக்கிற தேதி நவம்பர் 25, விமானத்தில் போகிற பீஸும் அக்டோபர் 15-க்குச் சேராது, ஆனால் நவம்பர் 4-ஆம் தேதிக்குள் சேர்ந்துவிடும். இதைப் போனில் சொல்லுங்கள், மெயிலில் போட வேண்டாம். இரண்டு தேதி எழுதினால் கிடங்குக்காரர் பின்னால் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வார்.

10-ஆம் தேதி வரை பதில் இல்லை என்றால் என்ன செய்வது? எல்.சி.யில் பிரித்து அனுப்பத் தடை இல்லையென்றால் நீலத்தையும் மஞ்சளையும் 18-இல் ஏற்றிவிடுங்கள், அந்தப் பணமாவது எல்.சி.க்குள் பத்திரமாக வரும். தடை இருந்தால் திருத்தம் பேங்கிலிருந்து கையில் வரும்வரை ஒரு கார்ட்டனைக்கூடத் தூத்துக்குடிக்கு அனுப்பாதீர்கள், போனில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

18-ஆம் தேதி கப்பல் கிளம்பியதும் பி.எல். நகலை அன்றே அனுப்புங்கள். 11-ஆம் தேதி ரிப்போர்ட்டையும் அவர் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள், தேறியிருந்தாலும் தேறாவிட்டாலும்.